மூன்று நிமிடமும் ஒரு செப்புக் குழாயும்

அக்காவின் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த முறை அவளுடைய பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில் மேசையும் இல்லை, அட்டைப் பலகையும் இல்லை. எல்லோரும் மூன்று நிமிடத்துக்குள் ஒரு செய்முறை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நடுவர்கள் அதைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். நேரில் நின்றால் நடுவர் இடையில் கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்லலாம். வீடியோவில் அதற்கு வழியில்லை. பார்க்கிறவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தச் சந்தேகம் வருகிற நேரத்திலேயே பதிலைக் காட்டிவிட வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுவது என்றால் பெரும்பாலும் இதுதான் வேலை.

நான் ஐடி ஆலோசகன். வாடிக்கையாளர்களுக்கு டெமோ காட்டிக் காட்டியே பத்து வருசம் போய்விட்டது. பொறியியலில் முதுகலை படித்தபோது மின்காந்தவியலும் படித்தேன். அதனால் "மாமா, என்ரை ஸ்கிரிப்டை ஒருக்கா பாருங்கோ" என்று அவள் கேட்டபோது, ஒரு மணித்தியாலத்து வேலை என்றுதான் போனேன். மூன்று சனிக்கிழமைகள் போயின.

அவளுடைய பரிசோதனை உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருக்கக்கூடியது. ஒரு செப்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேலேயிருந்து ஒரு வலுவான காந்தத்தை உள்ளே விடுவது. காந்தம் விழாமல், யாரோ நூல் கட்டி மெல்ல இறக்குவதுபோல இறங்கி வரும். அவளிடம் இருந்தது தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் செப்புக் குழாய். நீளம் 61 சென்டிமீட்டர், உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர், சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. காந்தம் நியோடிமியம் வகை, விட்டமும் உயரமும் அரை அங்குலம், எடை 12 கிராம். 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தடையில்லாமல் விழுந்தால் 0.35 விநாடியில் கீழே வந்துவிடும். அவளுடைய காந்தம் ஐந்து விநாடிக்கும் மேல் எடுத்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "வணக்கம். இன்று நான் லென்ஸின் விதியைப் பற்றிப் பேசப் போகிறேன். லென்ஸின் விதி என்பது..." அதற்குப் பிறகு ஐம்பது விநாடி வரைவிலக்கணம். 1831இல் ஃபாரடே, 1834இல் லென்ஸ், 1855இல் ஃபூக்கோ. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் காந்தம் திரைக்கு வருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு நேரம் முடிந்துவிடுகிறது. எழுதியது முழுவதையும் வாசித்தால் 590 ஆங்கிலச் சொற்கள். மூன்று நிமிடத்தில் ஆறுதலாகப் பேசினால் 400 சொற்கள்தான் போகும். காந்தம் இறங்கும்போது பேசாமல் இருக்க வேண்டும் என்றால் 300தான்.

பேசாமல் இருப்பது அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஐஞ்சு செக்கன் சும்மா இருந்தா போரடிக்கும் மாமா." நான் அவளுடைய அம்மம்மாவைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் காந்தத்தை ஒருமுறை விட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா குனிந்து குழாயின் கீழ் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி ஆனதும், "எங்கை, உள்ளுக்கை சிக்கிப்போச்சே?" என்றார். அதே நேரம் டக்கென்று தட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த ஐந்து விநாடியை ஸ்கிரிப்டிலிருந்து எடுக்கும் பேச்சே வரவில்லை. அவள் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் "திரையில்", வலப்பக்கம் "குரல்" என்று எழுதினாள். அந்த இடத்தில் குரல் பத்தி வெறுமையாக இருந்தது.

இரண்டு பத்தி முறையில் ஒரு வசதி இருக்கிறது. குரல் பக்கத்தில் ஒரு வசனம் இருந்து, அதற்கு எதிரே திரைப் பக்கம் காலியாக இருந்தால், அந்த வசனத்துக்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அவளுடைய முதல் வரைவில் "செம்பைக் காந்தம் ஈர்க்காது" என்று ஒரு வசனம் இருந்தது. அதற்கு எதிரே ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு முதலில் வரும் சந்தேகமே அதுதான்: காந்தம் சுவரில் ஒட்டி ஒட்டித்தானே இறங்குகிறது? ஆகவே ஒரு காட்சி சேர்த்தாள். காந்தத்தைக் குழாயின் வெளிப்பக்கத்தில் வைத்து விடுகிறாள், அது ஒட்டாமல் கீழே விழுகிறது. மூன்று விநாடிதான். வசனமே தேவைப்படவில்லை.

அடுத்த சந்தேகம், குழாய் ஒடுக்கமாக இருப்பதால் காற்றுத்தான் தடுக்கிறது என்பது. அதற்கடுத்தது எடையைப் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்து அவள் இரண்டு ஒப்பீடுகள் வைத்தாள். அவளுடைய அப்பா நிலவறையில் அரை அங்குல இரும்புக் கம்பியிலிருந்து காந்தத்தின் அளவிலேயே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். எடையும் ஏறத்தாழ அதேதான். அது செப்புக் குழாயில் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்தது. பிறகு காந்தத்தை அதே உள்விட்டம் உள்ள பிளாஸ்டிக் குழாயில் விட்டாள். அதுவும் அப்படியே விழுந்தது. ஆக, இரும்பும் செம்பும் சேர்ந்தால் வேகம், காந்தமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் வேகம், காந்தமும் செம்பும் சேர்ந்தால் மட்டும் மெதுவாகிறது. இந்த மூன்றையும் இந்த வரிசையில் காட்டினால், "இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ நடக்கிறது" என்று பார்க்கிறவரே சொல்லிக்கொள்வார். விதியின் பெயரை அதற்குப் பிறகு சொல்லலாம்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கை காந்தத்தை விடும் கணத்திலிருந்து அது தட்டில் விழும் கணம் வரை வெட்டே இருக்கக்கூடாது. நடுவில் காட்சி மாறினால், நேரத்தை நீட்டிவிட்டார்கள் என்று யாரும் நினைக்கலாம். குழாயின் இரண்டு வாய்களும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். கைபேசி விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது என்றால், ஃபிரேமை எண்ணி நேரம் பார்க்கலாம் என்று அவள் நினைத்தாள். நல்ல யோசனைதான். ஆனால் பல கைபேசிகள் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம்களுக்கிடையிலான இடைவெளியைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். அதனால் குழாயின் பக்கத்திலேயே ஒரு டேப்லெட்டில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டாள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, காந்தம் மேல் வாயில் மறையும்போதும் கீழ் வாயில் வெளிவரும்போதும் ஸ்டாப்வாட்ச் என்ன காட்டுகிறது என்று குறித்தாள். பார்க்கிறவரும் நிறுத்திப் பார்த்து அதே கணக்கைப் போடலாம். எனக்கு அந்த வீடியோவில் மிகவும் பிடித்த விசயம் இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. முதலில் அவள் பாவித்த தாங்கியில் இரும்புக் கவ்வி இருந்தது. காந்தம் பாதி வழியில் அந்தக் கவ்வி இருக்கும் இடத்தில் நின்றேவிட்டது. பிறகு மரத் தாங்கிக்கு மாறினாள். கீழே தட்டில் தடித்த துணி போட வேண்டும், நியோடிமியம் கண்ணாடிபோல உடையும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தத்தை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுவரையே துளைத்துவிடும்.

இனி விளக்கம். ஸ்கிரிப்டில் அவள் இதற்கு ஒதுக்கியது நாற்பது விநாடி. செப்புக் குழாயை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மோதிரங்களாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். இதற்காக ஒரு வளையல் அடுக்கைத் திரையில் காட்டினாள், அது அம்மம்மாவின் யோசனை. காந்தம் ஒரு மோதிரத்தை நெருங்கும்போது அந்த மோதிரத்துக்குள் காந்தப்புலம் கூடுகிறது. கூடுவதை எதிர்க்கும் திசையில் செம்பில் ஒரு சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த மோதிரமே ஒரு சின்னக் காந்தமாகி, வருகிற காந்தத்தை மேலே தள்ளுகிறது. காந்தம் கடந்துபோன மோதிரத்தில் புலம் குறைகிறது. குறைவதை எதிர்க்கும் திசையில் மின்னோட்டம் ஓடி, போகிற காந்தத்தைத் திரும்ப மேலே இழுக்கிறது. கீழிருந்து ஒரு தள்ளு, மேலிருந்து ஓர் இழுப்பு. இரண்டும் மேல்நோக்கித்தான்.

"அப்ப ஏன் மாமா அது முழுசா நிக்கேல்லை?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அப்படியே ஸ்கிரிப்டில் போடச் சொன்னேன், ஏனென்றால் நடுவரும் இதைத்தான் கேட்பார். நின்றுவிட்டால் புலத்தில் மாற்றம் இல்லை. மாற்றம் இல்லாவிட்டால் மின்னோட்டமும் இல்லை, தடுக்க ஒன்றும் இல்லை, திரும்ப விழத் தொடங்கும். வேகம் கூடினால் தடுப்பும் கூடும். தடுப்பு காந்தத்தின் எடைக்குச் சமமாகும் வேகத்தில் அது நிலைத்துவிடுகிறது. இந்தக் குழாயில் அது விநாடிக்கு 11 சென்டிமீட்டர். அந்த வேகத்தை ஏறத்தாழ எட்டிவிட விநாடியின் நூறில் சில பங்குகளே போதும். அதனால்தான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக இறங்குவதுபோலத் தெரிகிறது.

அவள் எழுதிய இன்னொரு வசனத்தை வெட்ட வேண்டியிருந்தது. "காந்தம் இழக்கும் ஆற்றல் வெப்பமாக மாறுவதால் குழாய் சூடாகிறது." இது பொய்யில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிராம் 61 சென்டிமீட்டர் இறங்கினால் கிடைப்பது 0.07 ஜூல். குழாயின் எடை ஏறத்தாழ 400 கிராம். அதை ஒரு பாகை சூடாக்க 160 ஜூல் வேண்டும். ஒரு தடவை விழுந்தால் குழாய் சூடாவது ஒரு பாகையின் ஆயிரத்தில் பாதிகூட இல்லை. குழாயைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் ஒரு காட்சியும் எழுதியிருந்தாள். தொட்டுப் பார்த்தால் தெரிவது அவளுடைய கையின் சூடுதான். காட்சி போயிற்று.

இதுவரை சொன்னது ஒரு வித்தையைக் காட்டி விளக்குவது மட்டும்தான். கண்காட்சிக்கு விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அவளுடைய கேள்வி நன்றாகவே இருந்தது: குழாயைக் குளிராக்கினால் காந்தம் இன்னும் மெதுவாக விழுமா?

காரணம் இருக்கிறது. செம்பு குளிரும்போது அதன் அணுக்களின் அதிர்வு குறைந்து, மின்னோட்டத்துக்கு உள்ள தடை குறைகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். தடை குறைந்தால் சுழல் மின்னோட்டம் கூடும், தடுப்பு கூடும், காந்தம் மெதுவாகும். குழாயை மட்டும்தான் குளிராக்க வேண்டும். காந்தத்தையும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் நியோடிமியத்தின் வலு கொஞ்சம் கூடும், அப்போது மாற்றம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் காந்தத்தை அவள் சட்டைப்பையில் வைத்திருந்தாள். 61 சென்டிமீட்டர்க் குழாய் நிலவறையில் இருக்கும் பெரிய ஃப்ரீசருக்குள் குறுக்காகப் போயிற்று, மீன் பொதிகளுக்கு மேலே.

அறை வெப்பநிலை 22 பாகையில் ஐந்து தடவை விட்டாள்: 5.3, 5.5, 5.4, 5.4, 5.5 விநாடி. சராசரி 5.4. பிறகு இரவு முழுவதும் மைனஸ் 18இல் இருந்த குழாயை எடுத்து, அதே தாங்கியில் நிறுத்தி ஐந்து தடவை விட்டாள்: 6.2, 7.9, 6.4, 9.1, 6.8. சராசரி 7.3. அறை வெப்பநிலையில் எடுத்ததைவிட 34 சதவீதம் கூட!

துள்ளினாள். அன்று இரவே ஸ்கிரிப்டின் கடைசிப் பகுதியை எழுதி, குரலும் பதிவு செய்துவிட்டாள். "குளிர்ந்த செம்பு காந்தத்தை மூன்றில் ஒரு பங்கு மெதுவாக்குகிறது!" நல்ல குரல், நல்ல வசனம். அனுப்ப இன்னும் எட்டு நாள் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் என்றால், 40 பாகைக்கு எவ்வளவு? 16 சதவீதம். தடை 100 இலிருந்து 84 ஆகிறது. நேரம் அதற்குத் தலைகீழாக மாறும், அதாவது 100ஐ 84ஆல் வகுத்தால் 1.19. ஆக, 19 சதவீதத்துக்கு மேல் கூடுவதற்கு வழியே இல்லை. அதுவும் குழாய் கடைசிவரை மைனஸ் 18இலேயே இருந்தால்தான். அவளுக்குக் கிடைத்தது 34.

"அப்ப ஃபார்முலா பிழையோ?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அறை வெப்பநிலையில் எடுத்த ஐந்து எண்களையும் குளிரில் எடுத்த ஐந்து எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். மேலே உள்ளவை 0.2 விநாடிக்குள் நெருக்கமாக இருக்கின்றன. கீழே உள்ளவை 6.2 இலிருந்து 9.1 வரை ஓடுகின்றன. செம்பின் குணம் மாறியிருந்தால் ஐந்தும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்து ஆடுவது வேறு ஏதோ குறுக்கே வந்ததற்கான அடையாளம்.

அது என்ன என்று கண்டுபிடித்தது அவள்தான். 9.1 விநாடி எடுத்த அந்த வீடியோவை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டாள். மற்றவற்றில் அமைதி, பிறகு டக். இதில் நடுவில் மெல்லிதாக ஒரு சர்ர் சத்தம். குழாயைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்து எடுத்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளையாக உறைபனி! வீட்டுக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த செம்பில் பட்டு உறைந்திருக்கிறது. காந்தம் கொஞ்சம் சரிந்து அந்தப் பனியில் உரசி, நின்று நின்று இறங்கியிருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவள் இரும்புத் துண்டையும் குளிர்ந்த குழாயில் விட்டுப் பார்த்திருந்தாள். அது வழக்கம்போல வேகமாகவே விழுந்தது. அதை வைத்து "பனியால் தடை இல்லை" என்று முதலில் எழுதியிருந்தாள். ஆனால் வேகமாக விழும் இரும்பை ஒரு சிறு உரசல் ஒன்றும் செய்யாது. காந்தத்தின் எடையைச் சுழல் மின்னோட்டம் முழுவதுமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உரசல் அந்த எடையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் காந்தத்தின் வேகமும் அதே பங்கு குறையும், மெதுவாக இறங்குவதால் அது நேரத்தில் நன்றாகவே தெரியும்.

திரும்பச் செய்வதற்கு இரண்டு மாற்றங்கள். ஃப்ரீசரில் வைக்கும் முன்பே குழாயின் இரண்டு வாயையும் கோர்க்கால் அடைத்து, காந்தத்தை விடும் நேரத்தில் மட்டும் திறந்தாள். அதனால் ஈரக் காற்று உள்ளே போக நேரம் குறைவு. அதோடு, குழாய்களுக்குப் போர்த்தும் சாம்பல் நிற ஃபோம் உறையைச் சுற்றினாள். இது சீக்கிரம் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பொறி வெப்பமானியில் இருந்தது. வீட்டில் இருந்தது துப்பாக்கிபோல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குழாயில் பிடித்தால் 15 பாகை என்று காட்டியது! குழாயில் கை வைத்தால் விரல் ஒட்டுகிறது. காரணம், பளபளப்பான செம்பு தானாக வெளிவிடும் அகச்சிவப்பு மிகக் குறைவு. அது கண்ணாடிபோல அறையைத்தான் திருப்பிக் காட்டுகிறது. ஃபோம் உறையில் ஒரு சின்னச் சாளரம் வெட்டி, அந்த இடத்தில் கறுப்பு மின்நாடா ஒட்டி, நாடாவின் மேல் அளந்தாள். இப்போது எண் நம்பும்படி வந்தது. நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்து தாங்கியில் நிறுத்துவதற்குள்ளேயே குழாய் மைனஸ் 12க்கு வந்துவிட்டிருந்தது. ஐந்தாவது தடவை விடும்போது மைனஸ் 5. "ஃப்ரீசரின் வெப்பநிலை" என்று ஸ்கிரிப்டில் இருந்த இடமெல்லாம் "குழாயின் வெப்பநிலை" ஆயிற்று.

புதிய ஐந்து எண்கள்: 6.3, 6.2, 6.1, 6.1, 6.0. சராசரி 6.1, அதாவது 13 சதவீதம் கூட. குழாயின் சராசரி வெப்பநிலை மைனஸ் எட்டரை என்று எடுத்தால், வித்தியாசம் முப்பது பாகை. தடை 12 சதவீதம் குறையும், நேரம் 13 அல்லது 14 சதவீதம் கூடும். கணக்கும் அளவும் ஒன்றாக வந்துவிட்டன.

ஆனால் அவளுடைய முகத்தில் பெரிய சந்தோசம் இல்லை. "34 எண்டா எல்லாரும் வாவ் எண்டு சொல்லுவினம் மாமா. 13க்கு ஆர் சொல்லப்போகினம்?" எனக்கு அது நியாயமாகவே பட்டது. என் வேலையிலும் பெரிய எண் உள்ள சிலைடைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அக்கா சமையலறையிலிருந்து, "பழசையும் போட்டுக் காட்டினால் என்ன, நேரம் இருக்கோ?" என்றாள்.

நேரம் இல்லை. ஆனால் அதற்காக ஃபாரடே, லென்ஸ், ஃபூக்கோ மூவரும் போனார்கள். லென்ஸ் மட்டும் ஒரு வசனத்தில் திரும்பி வந்தார். பதிவு செய்திருந்த பழைய குரலை அழித்துவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தை அவள் இப்படி எழுதினாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது ஆங்கிலத்தில். இது அம்மம்மாவுக்காக அவள் தமிழில் பேசி எடுத்தது, பிழை திருத்தாமல் தருகிறேன்.

திரையில்: பனி படிந்த குழாய்க்குள் காந்தம். ஸ்டாப்வாட்ச் பக்கத்தில். வெட்டு இல்லை.
குரல்: (இல்லை. சர்ர் என்ற சத்தம் கேட்கட்டும்.)

திரையில்: 6.2, 7.9, 6.4, 9.1, 6.8 என்று எழுதின தாள்.
குரல்: இது என்ரை முதலாவது அளவு. இந்த எண்கள் ஒண்டோடை ஒண்டு ஒத்துவரேல்லை. நீங்கள் கேட்ட சத்தம் பனி.

திரையில்: டோர்ச் வெளிச்சத்தில் குழாயின் உள்பக்கம், பனியோடு. பிறகு கோர்க், ஃபோம் உறை.
குரல்: பனி வராமல் இரண்டு பக்கமும் மூடி, திரும்பச் செய்தேன்.

திரையில்: ஐந்து தடவையும் பக்கம் பக்கமாக, ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு நாடாவில் அளந்த வெப்பநிலை.
குரல்: (ஐந்தும் விழுந்து முடியும்வரை இல்லை.)

ஐந்து சட்டங்களையும் பக்கம் பக்கமாக வைத்தது அவளுடைய சொந்த யோசனை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மைனஸ் 5இல் விட்டது முதலில் விழுகிறது, மைனஸ் 12இல் விட்டது கடைசியில் விழுகிறது. டக், டக்டக், டக், டக். குழாய் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சூடேறியதே, அதுவே வரிசையாகக் காதில் கேட்கிறது. சராசரியாக 13 சதவீதம் என்று சொல்வதைவிட இது எவ்வளவோ வலுவான ஆதாரம். பனியாக இருந்தால் எண்கள் ஒழுங்கில்லாமல் ஆடும். பரிசோதனையின்போது குழாய் சூடேறுவதை ஒரு குறை என்றுதான் அவள் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். அந்த வசனத்தையும் எடுத்துவிட்டாள்.

தமிழ்ப் பதிவைப் பார்த்த அம்மா, எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "அப்ப குழாயைச் சூடாக்கினால் கெதியா விழுமோ?"

செய்து பார்க்க நேரமில்லை, அன்று இரவு அனுப்ப வேண்டும். குழாய்க்குள் 60 பாகைச் சுடுநீரை ஓடவிட்டுத் துடைத்தால், 22 பாகையிலிருந்து 38 பாகை கூடுகிறது. தடை 15 சதவீதம் கூடும். 5.4ஐ 1.15ஆல் வகுத்தால் 4.7 விநாடி. வீடியோவில் எட்டு விநாடி மிச்சம் இருந்தது. அவள் ஓர் அட்டையில் பெரிதாக "60 பாகை: 4.7?" என்று எழுதி, கமராவுக்கு நேரே பிடித்தாள்.

குரல்: இது நான் இன்னும் செய்து பார்க்கேல்லை. கணக்குப் போட்ட எண். நீங்கள் செய்து பார்த்துச் சொல்லுங்கோ.